நான்காவது முறை அழைக்கும் வாடிக்கையாளர்: ஒரு பயிற்சித் தேர்வை மாற்றி எழுதிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் ஒரு தனியார் வங்கியின் வாடிக்கையாளர் அழைப்புகளைக் கையாளும் கால் சென்டர் இது. வங்கி, நிறுவனம், ஆட்கள் எவருடைய பெயரும் இங்கே வராது. தமிழ் அழைப்புகளை எடுக்கும் பிரிவில் அப்போது 41 ஏஜென்ட்கள் இருந்தார்கள். பெரும்பாலானோர் கல்லூரி முடித்து ஓரிரு ஆண்டு ஆனவர்கள். ஆறேழு பேர் ஐந்து ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள். பயிற்சிப் பிரிவில் பாடங்களையும் தேர்வுகளையும் எழுதுவது என் வேலை.

கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைக் கையாள்வது பற்றி இரண்டு நாள் மாட்யூல் ஒன்று நடத்தினோம். பாடம் ஐந்து படிகளாக இருந்தது: குறுக்கிடாமல் கேட்பது, அவர் நிலைமை புரிகிறது என்று சொல்வது, மன்னிப்புக் கேட்பது, தீர்வு சொல்வது, கடைசியாக அவருக்குத் திருப்திதானா என்று சரிபார்ப்பது. இரண்டாம் நாள் மாலை 20 கேள்விகள் கொண்ட தேர்வு. தேர்ச்சிக்கு 16 வேண்டும். 41 பேரும் தேறினார்கள். சராசரி 18. அறிக்கை மேலே போனது, எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த மாத ஆய்வுக் கூட்டத்தில் வங்கித் தரப்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. 'சூப்பர்வைசரைக் கூப்பிடு' என்று முடியும் கால்கள் ஏன் குறையவில்லை? எங்களிடம் பதில் இல்லை. நானும் என் மேலாளரும் அந்தத் தேர்வுத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம்.

முதல் தேர்வில் என்ன இருந்தது

அதிலிருந்து ஒரு கேள்வியைத் தமிழில் மாற்றித் தருகிறேன். நான் எழுதியதுதான்.

"வாடிக்கையாளர் உங்களிடம் கோபமாகக் கத்துகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?
அ) நானும் குரலை உயர்த்திப் பேசுவேன்.
ஆ) அழைப்பைத் துண்டித்துவிடுவேன்.
இ) பொறுமையாகக் கேட்டு, அவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, வருத்தம் தெரிவித்து, சரியான தீர்வை வழங்குவேன்.
ஈ) 'அது என் வேலை இல்லை' என்று சொல்வேன்."

இதில் விடை தெரிய எந்தப் பயிற்சியும் வேண்டாம். மற்ற மூன்றும் மரியாதைக் குறைவாக இருக்கின்றன, சரியான விடை நீளமாகவும் பணிவாகவும் இருக்கிறது. மேலாளர் ஒரு யோசனை சொன்னார். மாட்யூலில் உட்காதவர்களிடம் கொடுத்துப் பார்ப்போம் என்றார். எங்கள் மாடியிலேயே இருக்கும் கணக்குப் பிரிவில் நான்கு பேரிடம், ஒரு நாள்கூட கால் எடுக்காதவர்களிடம், தாளைக் கொடுத்தோம். 16, 17, 18, 18 என்று மதிப்பெண் வந்தது. நான்கு பேரும் பாஸ்.

அவர்களில் ஒருவரிடம் எப்படி விடை எழுதினீர்கள் என்று கேட்டேன். "எது நல்ல பிள்ளை மாதிரி பேசுதோ அதுக்கு டிக் போட்டேன்" என்றார். 41 பேரின் மதிப்பெண்ணும் இதையேதான் அளந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. பயிற்சியால் யாருக்கு என்ன வந்தது என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை.

இன்னொரு குறையும் இருந்தது. தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஏஜென்ட்கள் நாள் முழுக்கப் பேசுவது தமிழில். கோபத்தை ஏற்றுவதும் இறக்குவதும் தமிழில் எந்தச் சொல் வாயில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. "காம் டவுன் சார்" என்ற சொல்லை ஃப்ளோரில் தினமும் கேட்கிறோம். அதைக் கேட்டவுடன் எதிர்முனையில் குரல் ஒரு படி ஏறுவதையும் கேட்கிறோம். ஆங்கிலத் தாளில் அந்த வித்தியாசத்தைப் பிடிக்கவே முடியாது.

பதிவுகளைக் கேட்டபோது

புதிதாக எழுதுவதற்கு முன் உண்மையான கால்களைக் கேட்பது என்று முடிவு செய்தோம். சூப்பர்வைசரிடம் போய் முடிந்த 60 பதிவுகளைக் குவாலிட்டி பிரிவிலிருந்து வாங்கினோம். அவர்களுடைய அறையிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும், நகல் எடுக்கக் கூடாது, கேள்வியில் பெயரோ கணக்கு விவரமோ வரக் கூடாது, தொகையையும் ஊரையும் மாற்றிவிட வேண்டும் என்பவை நிபந்தனைகள். நானும் குவாலிட்டியில் ஒருவரும் இரண்டு வாரம் கேட்டோம்.

ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விஷயத்தைக் குறித்தோம்: குரல் எந்த விநாடியில் ஏறியது, அதற்கு நேர்முன் ஏஜென்ட் சொன்ன வாக்கியம் என்ன.

ஏஜென்ட் மரியாதைக் குறைவாகப் பேசிய கால் 60-இல் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் "சார்", "மேடம்" என்றுதான் பேசினார்கள். முதல் தேர்வில் நாங்கள் வைத்த தவறான விடைகள் ஒன்றுமே நிஜத்தில் நடக்காதவை. நடந்தவை வேறு. ஏற்கெனவே சொன்ன விவரத்தை மறுபடி கேட்டது, எதுவும் சொல்லாமல் ஹோல்டில் போட்டது, ஸ்கிரிப்டில் உள்ள மன்னிப்பை ஒரே காலில் நான்கு தடவை படித்தது, பழைய புகார் இருக்கும்போதே புதுப் புகார் எண் கொடுத்தது. எல்லாமே பணிவான குரலில்தான் நடந்தன.

இரண்டாவதாகக் கண்டது எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. அதிகமாக வந்த விஷயம் ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்ட புகார். அதில் கோபம் பிறக்கும் இடம் கோபமான கால் அல்ல, முதல் கால். வாடிக்கையாளர் அமைதியாகத்தான் கூப்பிட்டிருப்பார். ஏஜென்ட் அவரைச் சமாதானமாக அனுப்ப வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் "24 மணி நேரத்துல வந்துரும் சார்" என்று சொல்லியிருப்பார். வராது. அடுத்த காலில் வேறொருவர் "48 மணி நேரம்" என்பார். மூன்றாவது ஆள் "ஏழு வேலை நாள்" என்பார். மூன்றும் தவறு.

இதில் ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாகவே இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். ஃப்ளோரில் இதை 'டி ப்ளஸ் ஃபைவ்' என்பார்கள். எண்ணுவது நாட்காட்டி நாட்களை. வேலை நாட்களை அல்ல. தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. இந்த விதி எங்கள் மாட்யூலில் இல்லை. அது 'பொருள் அறிவு' வகுப்பில் வருவது, கோபத்தைக் கையாள்வது 'மென்திறன்' வகுப்பில் வருவது என்று பிரித்து வைத்திருந்தோம். ஏஜென்டின் காதில் இரண்டும் ஒரே காலில்தான் வருகின்றன.

கேள்விகளை எழுதிய விதம்

குவாலிட்டி நண்பரோடு உட்கார்ந்து ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். பதிவை ஓட்டி, ஏஜென்ட் ஒரு முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்துவது. அந்த இடம் வரை நடந்ததை மூன்று நான்கு வரியில் எழுதுவது: திரையில் என்ன தெரிகிறது, இது எத்தனையாவது கால், அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன. அப்புறம் "உங்கள் அடுத்த வாக்கியம் எது?" என்று கேட்பது. "என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் எல்லாரும் கொள்கையை எழுதுவார்கள். அடுத்த வாக்கியத்தைக் கேட்டால் தாங்கள் உண்மையில் பேசுவதை எழுதுவார்கள்.

விடைகளில் நான்கும் மரியாதையாக இருக்க வேண்டும், நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம். தவறான மூன்றையும் நாங்கள் கற்பனை செய்யக் கூடாது. அந்த 60 பதிவுகளில் யாராவது ஒருவர் சொன்னதாக இருக்க வேண்டும். விடைகள் பேச்சுத் தமிழில், ஃப்ளோரில் பேசுகிறபடியே.

இந்த முறையில் 15 கேள்விகள் தேறின. முதல் தாளில் இருந்ததைவிட ஐந்து குறைவு. ஒரு கேள்விக்கு எங்களுக்கு ஏறக்குறைய அரை நாள் ஆனது. அவற்றில் ஏழாவது கேள்வியை முழுதாகத் தருகிறேன், ஏனென்றால் இந்த ஆய்வின் பாதி அதைப் பற்றியது.

"வாடிக்கையாளர் திங்கட்கிழமை ஏ.டி.எம்.மில் ரூ. 10,000 எடுக்கப் போனார். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. அன்றே புகார் பதிவாகியிருக்கிறது. திரையில் நிலை 'விசாரணையில்'. இன்று ஞாயிறு. இது அவருடைய நான்காவது கால். எடுத்ததும் சொல்கிறார்: 'மூணு பேரும் சாரி சொன்னீங்க. என் பணம் எங்க?' உங்கள் அடுத்த வாக்கியம் எது?

அ) 'உங்க கஷ்டம் எனக்கு நல்லாப் புரியுது சார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு எங்க பேங்க் சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.'
ஆ) 'திங்கட்கிழமை நீங்க கொடுத்த புகாரைத் திறந்துட்டேன் சார். நேத்தே பணம் வந்திருக்கணும், வரல. இப்பவே மேல அனுப்புறேன்.'
இ) 'இதை நான் அவசரம்னு குறிச்சு இப்பவே புதுசா ஒரு புகார் போட்டுடறேன் சார். அந்த நம்பரைக் கொஞ்சம் எழுதிக்கிறீங்களா?'
ஈ) 'நீங்க என் சூப்பர்வைசர் கிட்டயே பேசிடுங்க சார். அவங்களுக்கு கனெக்ட் பண்றேன், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.'"

நாங்கள் குறித்து வைத்த சரியான விடை அ. மாட்யூலின் வரிசை அதுதானே: கேள், புரிகிறதென்று சொல், மன்னிப்புக் கேள், அதன் பிறகே தீர்வு. பாடத்துக்குத் தேர்வு ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்தோம்.

வசைச் சொல் பற்றிய கேள்வி

தேர்வு வைப்பதற்கு முன் இரண்டு டீம் லீடர்களிடமும் ஒரு மூத்த ஏஜென்டிடமும் தாளைக் காட்டினோம். பன்னிரண்டாவது கேள்வி, வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையில் திட்டும் காலைப் பற்றியது. உண்மைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று பதிவில் கேட்ட வார்த்தையை அப்படியே எழுதியிருந்தேன். அந்த மூத்த ஏஜென்ட் பெண். அந்த வரியைப் படித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேடம், இதைக் காதுல வாங்கிட்டு மறந்துட்டுத்தான் அடுத்த கால் எடுக்கறோம். பரீட்சைன்னு உட்கார வெச்சு மறுபடி படிக்கச் சொல்லாதீங்க" என்றார்.

உடனே எடுத்துவிட்டேன். "உங்கள் குடும்பத்தை இழுத்து ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறார்" என்று மட்டும் எழுதினேன். கேள்வி அளப்பது எதுவும் அதனால் குறையவில்லை, ஏனென்றால் அங்கே தெரிய வேண்டியது ஒழுங்குமுறைதான்: எங்கள் விதிப்படி ஒரு முறை எச்சரிக்கலாம், இரண்டாம் முறை எச்சரித்து காலை முடிக்கலாம், முடித்ததும் குறிப்பு எழுதி டீம் லீடருக்குத் தெரிவிக்க வேண்டும். பல ஏஜென்ட்களுக்கு, குறிப்பாகப் புதிதாக வந்த பெண்களுக்கு, காலைத் தாங்களே முடிக்கலாம் என்ற அனுமதி இருப்பதே தெரிந்திருக்கவில்லை. மாட்யூலில் அதற்கு ஒரே ஒரு ஸ்லைடு இருந்தது, அதுவும் கடைசியில்.

இரண்டாம் தேர்வு

இடையில் இருவர் வேலையை விட்டுப் போனதால் 39 பேர் எழுதினார்கள். சராசரி 15-க்கு 10-ஐத் தொடவில்லை.

தேர்ச்சி மதிப்பெண்ணை முன்பு போல 80 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்கவில்லை. தேர்வு நடப்பதற்கு முன்பே ஐந்து அனுபவசாலிகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றைக் கேட்டோம்: "இந்த வேலைக்கு மட்டுமட்டாகத் தேறுகிற பத்துப் பேர் இதை எழுதினால் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள்?" ஆறு பேர் என்றால் அந்தக் கேள்விக்கு 0.6. இப்படி 15 கேள்விக்கும் கூட்டி, ஐந்து பேருடையதற்கும் சராசரி எடுத்தபோது 9.6 வந்தது. 10 என்று வைத்தோம். தேர்வுத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் முறைதான் இது. ஒரு பிற்பகலில் முடிந்துவிட்டது.

முடிவு வந்ததும் கூடத்தில் ஒரு பதற்றம். "போன மாசம் எல்லாரும் பாஸ், இந்த மாசம் இத்தனை பேர் ஃபெயிலா?" என்று ஆபரேஷன்ஸ் மேலாளர் கேட்டார். கணக்குப் பிரிவின் நான்கு பேரையும் மறுபடி உட்கார வைத்தோம். 3, 4, 4, 5 வாங்கினார்கள். குருட்டாம்போக்கில் டிக் போட்டாலே நாலு பக்கம் வந்துவிடும். அந்தத் தாளைக் காட்டியதும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

சரியான விடை தவறாக இருந்தது

பிறகு ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாகப் பார்த்தோம். மொத்த மதிப்பெண்ணில் மேலே இருக்கும் 11 பேரையும் கீழே இருக்கும் 11 பேரையும் எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் எந்தப் பக்கம் அதிகம் பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுவது வழக்கம். நல்ல கேள்வியில் மேலே உள்ளவர்கள் அதிகம் இருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கேள்வி எதையும் பிரித்துக் காட்டவில்லை என்று அர்த்தம்.

ஏழாவது கேள்வியில் தலைகீழாக இருந்தது. மேலே உள்ள 11 பேரில் 3 பேர்தான் எங்கள் விடையான அ-வைத் தேர்ந்திருந்தார்கள். 7 பேர் ஆ. கீழே உள்ள 11 பேரில் 8 பேர் அ. அதாவது மற்ற கேள்விகளில் நன்றாக எழுதியவர்கள் இதில் மட்டும் கூட்டமாக 'தவறு' செய்திருக்கிறார்கள். 22 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் போய்க் கேட்பதற்கு அது போதும்.

ஆ எழுதிய மூவரை ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் சொன்னது:

"மேடம், அவரே சொல்றாரு, மூணு பேரும் சாரி சொன்னீங்கன்னு. நாலாவதா நானும் சாரி சொன்னா என்ன ஆகும்? 'நீயும் அதே ஆள்தான்'னு நினைச்சுக்குவாரு. அவருக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். நான் அவரோட புகாரைப் படிச்சேனா இல்லையா. திங்கட்கிழமைன்னு நான் சொன்ன உடனே அவர் மூச்சு விடுவாரு. அதுக்கப்புறம் சாரி சொன்னா ஏத்துக்குவாரு."

அன்று இரவே குவாலிட்டி அறைக்குப் போய், பதிவுகளில் மூன்றாவதோ அதற்கு மேலோ கூப்பிட்ட கால்களை மட்டும் எடுத்து மறுபடி கேட்டேன். எங்கள் குறிப்பிலேயே இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல், குரல் ஏறிய விநாடிக்கு நேர்முன் ஏஜென்ட் சொன்ன வாக்கியம் மன்னிப்பு. இரண்டு வாரம் அதை எழுதியவள் நான். அதைப் படித்தவளும் நான். மாட்யூலின் ஐந்து படிகள் மனதில் இருந்ததால் கண்ணில் படவில்லை.

விடையை ஆ என்று மாற்றினோம். எல்லார் தாளையும் மறுபடி திருத்தினோம். கடைசிக் கணக்கில் 25 பேர் தேறினார்கள், 14 பேர் தேறவில்லை. ஏன் மாற்றினோம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி 39 பேருக்கும் அனுப்பினோம்.

ஆனால் மன்னிப்பே வேண்டாம் என்று ஏஜென்ட்கள் எடுத்துக்கொண்டால் அது இன்னொரு தவறு. அதனால் ஏழாவது கேள்விக்கு ஒரு ஜோடி எழுதினோம். அதே ஏ.டி.எம்., அதே திங்கட்கிழமை, அதே பத்தாயிரம். ஆனால் இது முதல் கால், சம்பவம் நடந்து பத்து நிமிடம். கூப்பிடுவது ஒரு பெண். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார், அந்தப் பணம் உள்ளே கட்ட வேண்டியது. குரல் நடுங்குகிறது. இங்கே "கார்டோட கடைசி நாலு நம்பர் சொல்லுங்க மேடம்" என்று தொடங்குவது தவறான விடை. அவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கேட்டுக்கொண்டதாக முதலில் ஒரு வார்த்தை வர வேண்டும், அப்புறம்தான் விவரம். அதோடு, அவருக்குத் தர வேண்டிய உறுதி "24 மணி நேரம்" இல்லை. "சனிக்கிழமைக்குள்ள தானா வந்துரணும், அதுக்கு மேல போனா ஒரு நாளைக்கு நூறு ரூபாய் சேர்த்துத் தரணும்" என்ற சரியான தகவல். இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் ஸ்கிரிப்டைச் சொல்கிறாரா, காலைக் கேட்கிறாரா என்பது தெரிந்துவிடுகிறது.

அதன் பின் நடந்தவை

தேறாத 14 பேருக்கு மறுபடி அதே இரண்டு நாள் வகுப்பு எடுக்கவில்லை. எந்தக் கேள்வியில் தவறினார்களோ அந்த வகைக் கால்களை மூத்தவர்களோடு ஹெட்போனைப் பகிர்ந்து மூன்று ஷிஃப்ட் கேட்டார்கள். யாருக்கும் சம்பளத்திலோ ஊக்கத்தொகையிலோ கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே மேலாளரிடம் எழுதி வாங்கியிருந்தோம். தேர்வுதான் இரண்டு முறை மாறியது. அதன் சுமையை அவர்கள் தலையில் வைப்பது நியாயமாகாது.

ஒரு முட்டுக்கட்டையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குவாலிட்டி பிரிவு ஒவ்வொரு காலுக்கும் மதிப்பெண் போடும் தாளில், 'அனுதாப வாக்கியம் சொன்னாரா' என்று ஒரு கட்டம் இருந்தது. எந்தக் காலாக இருந்தாலும், எத்தனையாவது காலாக இருந்தாலும், சொல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். தேர்வில் ஆ சரி என்று நாங்கள் சொல்ல, ஃப்ளோரில் அதைப் பேசியவருக்கு மதிப்பெண் குறைந்தது. இருவர் நேரில் வந்து கேட்டார்கள், எதைப் பின்பற்றுவது என்று. அந்தக் கட்டத்தை மாற்ற வங்கியின் ஒப்புதல் வேண்டும்; அது வர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் பலர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சமாளித்தார்கள்.

சூப்பர்வைசர் கேட்கும் கால்கள் அடுத்த மூன்று மாதத்தில் குறைந்தன; ஏ.டி.எம். புகார்களில் நன்றாகவே குறைந்தன. இதைத் தேர்வின் பலன் என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. அதே காலத்தில் வங்கியின் பின்னணிப் பிரிவு பணத்தைத் திருப்பும் வேகத்தைக் கூட்டியிருந்தது. பணம் நேரத்துக்கு வந்துவிட்டால் நான்காவது காலே வராது. எங்கள் பங்கு இவ்வளவு, அவர்கள் பங்கு இவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது: குவாலிட்டி கேட்ட முதல் கால்களில், "24 மணி நேரம்" என்ற வாக்கு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அது எங்கள் கையில் இருந்தது, அது மாறியது.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதலில், விடையை நானும் குவாலிட்டி நண்பரும் மட்டும் உட்கார்ந்து தீர்மானித்திருக்கக் கூடாது. விடை குறிக்காத தாளை ஆறேழு மூத்த ஏஜென்ட்களிடம் தனித்தனியாகக் கொடுத்து எழுத வைத்திருக்க வேண்டும். அவர்கள் பிரிந்து நிற்கும் கேள்வி தேர்வுக்கு இன்னும் தயாராகவில்லை. ஏழாவது கேள்வி அங்கேயே பிடிபட்டிருக்கும். 39 பேர் தாளை இரண்டு முறை திருத்தியிருக்க வேண்டாம். டீம் லீடர்களிடம் காட்டியது உண்மைதான், ஆனால் விடையோடு சேர்த்துக் காட்டினோம். விடையைப் பார்த்துவிட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள்.

குவாலிட்டித் தாளை முன்பே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். தேர்வு ஒன்று சொல்லி, மாத மதிப்பெண் வேறொன்று சொன்னால் ஏஜென்ட் மாத மதிப்பெண்ணைத்தான் கேட்பார். அவர் சம்பளம் அதில் இருக்கிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் தொடக்கத்திலேயே ஜோடி எழுத வேண்டும். காலை ஷிஃப்ட் எழுதிய தாள் மாலை ஷிஃப்டின் வாட்ஸப்பில் வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது கேள்வியை மாலையில் எல்லாருமே சரியாக எழுதியிருந்தார்கள். ஜோடி இருந்திருந்தால் ஒரு ஷிஃப்டுக்கு ஒன்று என்று பிரித்திருக்கலாம்.

தாளில் எழுதியது எதுவும் குரலுக்கு ஈடாகாது என்ற குறையும் இருக்கிறது. "என் பணம் எங்க?" என்ற மூன்று சொல்லைக் கெஞ்சியும் கேட்கலாம், மிரட்டியும் கேட்கலாம். பதிவின் நாற்பது விநாடியை ஓட்டி, நிறுத்தி, அடுத்த வாக்கியத்தை வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். பதிவுகளைப் பயிற்சி அறைக்குக் கொண்டுவர வங்கி இன்னும் அனுமதி தரவில்லை. அதுவரை இரண்டு பயிற்சியாளர்கள் வாடிக்கையாளரின் வரிகளைக் குரலோடு படிக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் கேள்வியை, அன்று தாளைக் கவிழ்த்து வைத்த அந்த மூத்த ஏஜென்டே படித்துக் காட்டுகிறார்.